மூன்று மூலை என்னிடம், ஆனாலும் 31–33. எங்கே பிழை?

நெத்தலி · ஞாயிறு, இரவு 9.12

வெள்ளவத்தையில் மாமா வீட்டு பால்கனியில் ஒவ்வொரு ஞாயிறும் ஒதெல்லோ ஆடுவோம். கடல் காற்றுக்குக் காய் பறக்கும் என்று மாமா காந்தப் பலகை வாங்கி வைத்திருக்கிறார். இன்று அவர் கருப்பு, நான் வெள்ளை. மூன்று கட்டங்கள் மட்டும் மிச்சமிருந்தபோது போனில் படம் எடுத்தேன். அதைப் பார்த்துத்தான் கீழே தட்டியிருக்கிறேன். கோடு போட்டவை வெற்றுக் கட்டங்கள்.

```
  a b c d e f g h
1 ○ ○ - ● ● ○ ● ●
2 ○ ○ ○ ○ ● ● ● ●
3 ○ ● ● ○ ● ● ● ●
4 ○ ● ○ ● ● ○ ● ●
5 ○ ● ● ○ ○ ● ○ ○
6 ○ ● ● ● ○ ○ ○ ●
7 ○ ● ● ○ ○ ○ - ●
8 ○ ○ ○ ○ ○ ● ● -
```

என் முறை. a1, a8 இரண்டும் ஏற்கனவே என் கையில். மூன்றாவது மூலை h8 திறந்து கிடந்தது, உடனே வைத்தேன். 35–27 ஆனது. வென்றுவிட்டேன் என்று நினைத்து தேத்தண்ணீர் எடுக்க எழும்பினேன். மாமா g7 வைத்தார், ஏழு காய் புரண்டது. கடைசியாக நான் c1 வைத்தேன். எண்ணினால் 31–33. மூலையும் என்னுடையது, கடைசி நகர்வும் என்னுடையது. பிறகு எப்படித் தோற்றேன்?

பத்துமணி_பஸ் · இரவு 9.40

தம்பி, மூலையைப் பெரிதாக நினைப்பதுதான் எல்லோரும் விடும் பிழை. நடு ஆட்டத்தில் காய் குறைவாக வைத்திருக்க வேண்டும். குறைவாக இருந்தால் எதிராளிக்குப் புரட்ட ஒன்றும் இராது, நமக்கு ஆட நிறைய இடம் இருக்கும். நீங்கள் இடையில் அள்ளி அள்ளிப் புரட்டியிருப்பீர்கள். மற்றபடி வெள்ளைக்குக் கவலையே இல்லை. தொடக்கத்தில் நான்கு காய், மிச்சம் 60 கட்டம். கருப்பு தொடங்கும், வெள்ளை முடிக்கும். அந்தக் கடைசி நகர்வுதான் வெள்ளைக்கு இருக்கிற லாபம்.

மழைக்குடை · இரவு 9.58

கடைசியாக ஆடியவர் நீங்கள் என்றால் தோற்க வாய்ப்பில்லை. மாமா எண்ணும்போது இரண்டு காய் கூட்டிவிட்டிருப்பார். திரும்ப எண்ணிப் பாருங்கள்.

நெத்தலி · இரவு 10.03

மழைக்குடை, பலகையிலேயே இரண்டு தரம் எண்ணினோம். மாமா அப்படிப்பட்டவர் இல்லை. அப்படிப்பட்டவர் என்றாலும் நான் எண்ணும்போது கூட்ட முடியாதே.

கருங்காய் · இரவு 10.47

எண்ணிக்கை சரி. படத்தில் வெள்ளை 30, கருப்பு 31. h8 வைத்ததும் h7, h6, g8, f8 நான்கும் புரண்டு 35–27. g7-க்கு வரிசை 7-இல் மூன்று, g நிரலில் இரண்டு, மூலைவிட்டத்தில் f6, e5. மொத்தம் ஏழு, அதோடு 28–35. c1 இரண்டைப் புரட்டி 31–33. மாமா மேல் பழி வேண்டாம்.

இப்போது வரிசையை மட்டும் மாற்றிப் பாருங்கள். நெத்தலி முதலில் c1 வைக்கட்டும். d1, e1 புரண்டு 33–29. இப்போது மாமாவுக்கு என்ன இருக்கிறது? h8-இல் அவரால் வைக்கவே முடியாது. h7, g8 இரண்டும் அவருடைய காய்கள், g7 வெறுமை. அங்கிருந்து அவருக்குப் பிடிக்க ஒரு வெள்ளை கூட இல்லை. ஆகவே g7 ஒன்றுதான் மிச்சம், விரும்பாவிட்டாலும் வைத்தாக வேண்டும். அதே ஏழு காய் புரளும், 26–37. பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் இப்போதுதான் h8 உங்களுக்கு. பழைய நான்கோடு, g7-இலிருந்து c3 வரை மூலைவிட்டம் முழுவதும் புரளும், ஏனென்றால் b2-இல் உங்கள் காய் காத்திருக்கிறது. ஒன்பது புரண்டு 36–28.

அதே மூன்று கட்டங்கள், அதே ஆட்கள் அதே கட்டங்களில். வரிசைதான் வேறு. 31–33 தோல்வி 36–28 வெற்றியாகிறது.

நெத்தலி · இரவு 10.55

ஐயோ. c1-ஐ நான் பார்க்கவே இல்லை. இரண்டு காய்தானே புரளும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் அண்ணா, மூலையைக் கண்டால் உடனே எடு என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? விட்டுவைத்தால் பறிபோய்விடாதா?

கருங்காய் · இரவு 11.20

பறிபோகுமா என்று எட்டிப் பார்ப்பதற்குத்தான் பத்து விநாடி செலவழிக்க வேண்டும். மூலையை ஒட்டிய மூன்று கட்டங்களைப் பாருங்கள். இங்கே h7, g8, g7. எதிராளி மூலையில் வைக்க வேண்டுமென்றால் அந்த மூன்றில் ஒன்றிலாவது உங்கள் காய் இருக்க வேண்டும். இங்கே இரண்டில் அவர் காய், ஒன்று வெறுமை. g7-இல் உங்களால் வைக்கவும் முடியாது, சுற்றியுள்ள கருப்புக் காய்களெல்லாம் பலகையின் ஓரத்தோடு ஒட்டியவை, அவற்றுக்கு அப்பால் பிடிக்க இடமில்லை. எனவே h8 வங்கியில் போட்ட காசு மாதிரி. நாளைக்கு எடுத்தாலும் இருக்கும், வட்டியோடு.

நான் இதை இப்படித்தான் பார்ப்பேன். மிச்சமுள்ள ஒவ்வொரு கட்டத்துக்கும் யார் போக முடியும் என்று கேளுங்கள். c1 இருவருக்கும் பொது. h8 உங்களுக்கு மட்டும். g7 மாமாவுக்கு மட்டும். பொதுவானதை முதலில் எடுக்க வேண்டும், சொந்தமானதைக் கடைசிக்கு வைக்க வேண்டும். நீங்கள் சொந்தப் பணத்தை முதலில் செலவழித்துவிட்டு, பொதுப் பணத்தை மேசையில் விட்டுவிட்டீர்கள்.

பத்துமணி_பஸ் சொன்ன கடைசி நகர்வு விஷயம் பாதி சரி. பலகை முழுவதற்குமான கடைசி நகர்வு நெத்தலிக்குக் கிடைத்தது, அதனால் மிஞ்சியது c1-இன் மூன்று காய். ஆனால் பெரிய காசு கிடந்தது வலது கீழ் மூலையில். அந்தப் பகுதியில் கடைசியாக ஆடியவர் மாமா. ஒற்றை இரட்டைக் கணக்கைப் பலகைக்கு ஒன்றாகப் போடக் கூடாது, பகுதி பகுதியாகப் போட வேண்டும். மேலே ஒரு கட்டம், ஒற்றை. கீழே இரண்டு கட்டம், இரட்டை. உங்கள் முறையென்றால் ஒற்றைப் பகுதிக்குள் போங்கள். இரட்டைப் பகுதியை அவர் திறக்கட்டும், நீங்கள் மூடுங்கள்.

பத்துமணி_பஸ் · இரவு 11.34

பகுதி பகுதியாக எண்ணுவது எனக்குத் தெரியாத விஷயம், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் காய் குறைவு என்ற என் கதை பொய்யில்லை.

கருங்காய் · இரவு 11.51

பொய்யில்லை, ஆனால் காரணமும் விளைவும் இடம் மாறிவிட்டன. காய் குறைவாக இருப்பது நல்லதில்லை, வெளிப்பக்கம் தெரியும் காய் குறைவாக இருப்பதுதான் நல்லது. உங்கள் காய்கள் எதிராளியின் காய்களால் சூழப்பட்டு உள்ளே இருந்தால், வெளிப்புறம் முழுக்க நீங்கள் பிடிக்கக்கூடிய காய்கள். ஆட இடம் அங்கிருந்துதான் வருகிறது. இருபது காய் உள்ளே இருந்தாலும் பிரச்சினையில்லை. எட்டுக் காய் வெளியே சுவர் மாதிரி நின்றால் அதுதான் பிரச்சினை, உங்கள் சுவருக்கு முன்னால் உள்ள வெற்றுக் கட்டங்களில் எதிராளிதான் ஆடலாம், நீங்கள் முடியாது.

குறைவாக வைத்தே ஆடுகிறேன் என்று கண்ணை மூடிக்கொண்டு போனால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த ஆட்டத்தை வைத்துப் பாருங்கள். கருப்பு தொடங்குகிறது:

```
e6 f4 e3 f6 g5 d6 e7 f5 c5
```

ஒன்பதாவது நகர்வில் வெள்ளை முழுவதும் துடைக்கப்படும். 13–0. வெள்ளைக்கு ஒரு காயும் இல்லை, ஆட்டம் முடிந்தது. அந்த நேரத்திலும் பலகையில் 51 கட்டம் வெறுமையாகக் கிடக்கும்.

வேப்பம்பூ · திங்கள், காலை 6.15

கொட்டாஞ்சேனையிலிருந்து எழுதுகிறேன். 2022-இல் மின்வெட்டு நேரத்தில் மகளுக்காக அட்டைப் பெட்டியை வெட்டி, ஒருபக்கம் கறுப்பு மை பூசி, 64 காய் செய்து ஆடத் தொடங்கினோம். இப்போது அவளுக்கு 11 வயது, என்னைத் தோற்கடிக்கிறாள்.

நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் சட்டம், மூலைக்கு மூலைவிட்டமாக ஒட்டிய எக்ஸ் கட்டத்தில் ஒருபோதும் வைக்காதே என்பது. b2, g2, b7, g7. வைத்தால் மூலை போய்விடும். அவள் கையே நடுங்கும் அந்தக் கட்டங்களைப் பார்த்தால். இங்கே மாமா g7-இல் வைத்து வென்றிருக்கிறார். அப்போது என் சட்டம் பிழையா?

கருங்காய் · காலை 7.30

பஸ்ஸில் இருந்து சுருக்கமாக எழுதுகிறேன், அக்கா. சட்டத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது, காரணம் போனால் சட்டமும் போகும். g7 ஆபத்து, ஏனென்றால் h8 எதிராளிக்குத் திறக்கும். நெத்தலி h8-ஐ முன்பே நிரப்பிவிட்டார், அதற்குப் பிறகு திறக்க என்ன இருக்கிறது? மாமாவுக்கு g7 வீட்டு வாசல் மாதிரிப் பத்திரம் ஆகிவிட்டது. h8 வெறுமையாக இருந்திருந்தால் அதே g7 அவரைக் கொன்றிருக்கும், மேலே பார்த்தோமே, 36–28.

இன்னொன்று கவனித்தேன். மாமாவும் பிழை விட்டிருக்கிறார்.

நெத்தலி · காலை 7.41

என்ன பிழை?? வென்றவர் அவர்.

கருங்காய் · காலை 8.20

இறங்கிவிட்டேன், இப்போது வடிவாகச் சொல்கிறேன். நீங்கள் h8 வைத்த பிறகு g7-ஐச் சுற்றி எட்டுக் கட்டங்களையும் பாருங்கள். f6, g6, h6, f7, h7, f8, g8, h8. எல்லாம் வெள்ளை. எட்டும். அப்படியென்றால் g7-இல் உங்களால் எந்தக் காலத்திலும் வைக்க முடியாது. அது மாமாவின் சொந்தக் கட்டம். பிறகு அவர் ஏன் அவசரப்பட்டு அதை எடுத்தார்? பொதுவான c1-ஐ அல்லவா முதலில் எடுத்திருக்க வேண்டும்.

அவர் c1 வைத்தால் c2 புரளும், c3 அவருடையது. d2 புரளும், e3 அவருடையது. 33–30. இப்போது வெள்ளையின் முறை, மிச்சம் இருப்பது g7 மட்டும், அதில் வைக்க முடியாது. நீங்கள் பாஸ். மாமா g7-ஐயும் எடுக்கிறார். 26–38. இரண்டே காயில் வென்றவர் பன்னிரண்டில் வென்றிருப்பார்.

அதே விதிதான். பொதுவானது முதலில், சொந்தமானது பிறகு. ஒரு பலகையில் இரண்டு பேரும் ஒரே பிழையை அடுத்தடுத்து விட்டிருக்கிறீர்கள், குடும்ப வழக்கம் போல.

கருப்புக்கு இந்தப் பாஸ்தான் உயிர் மூச்சு என்பதையும் பாருங்கள். 60 கட்டத்தில் சாதாரணமாக வெள்ளை முடிக்கும். வெள்ளைக்குள் ஒரு பாஸைத் திணித்தால் கணக்கு திரும்பும், கருப்பு முடிக்கும். வெள்ளை போக முடியாத ஒற்றைக் கட்டம் ஒன்றை உருவாக்கி வைப்பதுதான் அதற்கு வழி. நெத்தலி h8 வைத்து அந்தக் கட்டத்தைத் தன் கையாலேயே செய்துகொடுத்தார்.

பத்துமணி_பஸ் · காலை 8.52

இப்போது விளங்குகிறது. மொபிலிட்டி என்று சொல்வதும் பாரிட்டி என்று சொல்வதும் இரண்டு வேறு பாடம் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். ஒருவருக்கு ஆட இடம் இல்லாவிட்டால் ஒற்றை இரட்டையே மாறிவிடுகிறது.

மழைக்குடை · காலை 9.05

வெள்ளைக்குக் கடைசி நகர்வு லாபம் என்கிறீர்கள். ஆனால் இந்த விளையாட்டு தீர்க்கப்பட்டுவிட்டது, இரு பக்கமும் பிழையில்லாமல் ஆடினால் சமநிலை என்று 2023-இல் வந்ததே. பிறகு என்ன லாபம்?

கருங்காய் · மதியம் 12.40

ஓம், ஹிரோகி தகிசாவா 2023-இல் வெளியிட்ட கட்டுரை அது, 8×8 சமநிலை என்கிறது. அதற்கு முன் 1993-இல் ஜோயல் ஃபைன்ஸ்டைன் 6×6 பலகையைக் கணக்கிட்டு வெள்ளை 20–16 வெல்லும் என்று காட்டினார். சின்னப் பலகையில் கடைசி நகர்வின் பலம் தெரிகிறது, பெரிய பலகையில் கருப்பு எங்கோ ஈடுகட்டிவிடுகிறது. எங்கே என்று மனிதருக்கு விளங்குகிற மாதிரி ஒரு வரியில் சொல்ல முடியுமா என்பது எனக்குச் சந்தேகம். என் எண்ணம், நம்மைப் போன்றவர்கள் ஆடும்போது சமநிலைக் கணக்கு எதையும் மாற்றாது. பிழையில்லாமல் ஆடுகிற இரண்டு பேரை வெள்ளவத்தையில் நான் இதுவரை காணவில்லை.

மழைக்குடை · மதியம் 12.58

அது நழுவல் பதில். லாபம் இருந்தால் முடிவில் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் லாபம் இல்லை.

கருங்காய் · மதியம் 1.15

சரி, நாம் இதில் ஒத்துப்போகப் போவதில்லை.

வேப்பம்பூ · மாலை 5.30

பள்ளிவிட்டு வந்ததும் மகளிடம் படத்தைக் காட்டினேன். அட்டைக் காய்களை அப்படியே அடுக்கினாள். c1-ஐ உடனே கண்டுபிடித்துவிட்டாள், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. பிறகு ஒரு கேள்வி கேட்டாள், எனக்குப் பதில் தெரியவில்லை. f1-இல் இருக்கும் ஒரு வெள்ளையை மட்டும் கருப்பாக்கினால் என்ன ஆகும்?

கருங்காய் · மாலை 6.22

அக்கா, மகளுக்கு என் வணக்கம். அதுதான் சரியான கேள்வி.

f1 கருப்பானால் வெள்ளை 29, கருப்பு 32. வரிசை 1-இல் d1 முதல் h1 வரை எல்லாம் கருப்பு, அந்தப் பக்கம் பிடிக்க முனையில் வெள்ளை இல்லை. c1-ஐ ஒட்டிய மற்றவை, b1, b2, c2, d2, எல்லாம் வெள்ளை. ஆகவே c1-இல் வெள்ளையால் வைக்க முடியாது. பொதுவாக இருந்த கட்டம் மாமாவின் சொந்தமாகிவிட்டது. நெத்தலிக்கு மிச்சம் h8 ஒன்றுதான், கட்டாய நகர்வு. பிறகு மாமா c1, நெத்தலி பாஸ், மாமா g7. 25–39.

ஒற்றைப் பகுதிக்குள் போ என்ற விதி அந்தப் பலகையில் எதற்கும் உதவாது. போகக் கதவே இல்லை. அங்கே பிழை 58-ஆவது நகர்வில் இல்லை. அதற்கு முன்னால், மேல் ஓரத்தில் வெள்ளைக்கு ஒரு கால் வைக்க இடம் இல்லாமல் போன நேரத்தில் நடந்திருக்கும். கடைசி பத்துப் பன்னிரண்டு கட்டங்கள் இருக்கும்போதே ஒவ்வொரு வெற்றுப் பகுதிக்கும் கேட்டுக்கொள்ள வேண்டும்: இது எத்தனை கட்டம், நான் உள்ளே போக ஒரு கருப்பும், அதற்கு அப்பால் ஒரு வெள்ளையும் இருக்கிறதா? பன்னிரண்டு இருக்கும்போது முழுக்கணக்கும் போட என்னால் முடியாது. ஆறு ஏழு கட்டம் வரை விரல் விட்டு எண்ணிப் பார்ப்பேன், அதற்கு மேல் ஊகம்தான்.

நெத்தலி · இரவு 9.50

இன்று வேலை முடிந்து நேராக மாமா வீட்டுக்குப் போனேன். பலகையில் அதே நிலையை அடுக்கி c1 வைத்தேன். மாமா சிரித்துக்கொண்டே g7 வைத்தார், நான் h8 வைத்து ஒன்பது காயைப் புரட்டினேன். சிரிப்பு நின்றது.

பிறகு 26–38 கதையைக் காட்டினேன். இன்னும் கூடிய வித்தியாசத்தில் வென்றிருக்கலாம் என்று தெரிந்ததும் மனிதருக்கு ஒரே கோபம், வென்ற ஆட்டத்துக்கு. f1 எப்போது வெள்ளையானது என்று இரண்டு பேரும் அரை மணி நேரம் யோசித்தோம். நீதான் வைத்தாய் என்கிறார் அவர். நான் வைத்ததாக எனக்கு நினைவில்லை. அடுத்த ஞாயிறு முதல் நகர்வுகளை எழுதி வைப்பதாக முடிவு. மாமி பழைய பால்கணக்குக் கொப்பி ஒன்று தந்திருக்கிறார்.